சீசன் நடுவுல டீம விட்டு வெலகணுமா? கேப்டன்கிட்டயும் லீக் செக்ரட்டரிகிட்டயும் எப்படி சொல்லணும், எப்போ சொல்லணும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல லீக் ஆடுற பயலுவளுக்கு இது எப்பவாவது வந்தே தீரும். திடீர்னு விசா வந்துரும், இல்லன்னா கம்பெனியில ஊர மாத்திருவான், இல்லன்னா முட்டி போயிரும். கடலுக்குப் போறவங்க கூட ஒரு வகையில பரவாயில்ல, மேற்குக் கடற்கரையில தடைக்காலம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரைக்கும்னு எல்லாருக்கும் தெரியும், ஆகஸ்ட் பொறந்தா விசைப்படகுல ஏறிருவாங்கன்னு கேப்டன் சீசன் ஆரம்பத்துலயே கணக்கு போட்டு வச்சிருப்பான். பாதியில திடீர்னு போறவன் தான் பிரச்சன. நான் ரெண்டு பக்கமும் இருந்திருக்கேன், கேப்டனா இருந்தப்போ ஒருத்தன் விட்டுட்டு போனதயும் பாத்தேன், பொறவு நானே ஒரு சீசன்ல பாதியில வெலகுனேன். ரெண்டாவது தடவ நடந்தத தான் இங்க படிப்படியா எழுதுறேன், கிரிக்கெட் லீக் தான், ஆனா ஃபுட்பால் டீமுக்கும் வரிசை இதே தான்.

மொதல்ல கெட்ட கதைய சொல்லிடுறேன். எங்க கீப்பர் ஒரு சனிக்கெழம ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸாப் குரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டான். மெசேஜ் ஒண்ணும் இல்ல, சும்மா அந்த சாம்பக் கலர் வரி மட்டும். போன் போட்டா எடுக்கல. மறுநாள் காலையில பூசை முடிஞ்சு கிரவுண்டுக்கு வந்தா கீப்பிங் கிளவுஸும் பேடும் அவன் வீட்ல கெடக்கு, அவன் வீடு கருங்கல் தாண்டி உள்ள. எதிர் டீம்காரங்கிட்ட கெஞ்சி கிளவுஸ் கடன் வாங்கி ஒரு ஃபீல்டர நிறுத்துனோம், பாவம் அவன் 22 பைஸ் விட்டான். தோத்தது 14 ரன்ல. அவன் போனதுக்கு நியாயமான காரணம் இருந்துச்சு, வீட்ல ஒரு பெரிய கஷ்டம், பொறவு தான் தெரிஞ்சுது. ஆனா இன்னைக்கும் அவன் பேர எடுத்தா பயலுவ சொல்றது அந்த 22 பைஸ தான், வேற ஒண்ணும் இல்ல.

ஃபோன எடுக்குறதுக்கு முன்னாடி ரூல் தாள எடுங்க

எல்லாரும் "எப்படி சொல்லுறது"ன்னு தான் யோசிக்காங்க, அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. நீங்க விடுறது எது? இனிமே மேட்சுக்கு வர முடியாதுங்கறது ஒரு காரியம், உங்க ரிஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணுறது வேற காரியம். ரெண்டையும் ஒண்ணா நெனச்சு தான் நெறைய பேர் மாட்டுறாங்க.

எங்க லீக் கணக்கு இது. 10 டீம், ஒவ்வொரு டீமுக்கும் 9 மேட்ச். ஒரு டீம் 18 பேர ரிஜிஸ்டர் பண்ணலாம். சீசன் நடுவுல ஒரு பேர வெட்டிட்டு அந்த எடத்துல இன்னொரு பேர சேக்கலாம், ஆனா 6-வது மேட்ச் கழிஞ்சு வர்ற புதன்கெழம வரைக்கும் தான். ஏன் அந்த புதன்னா, செமி ஃபைனல்ல எறங்கணும்னா லீக்ல கொறஞ்சது 3 மேட்ச் ஆடிருக்கணும்னு இன்னொரு ரூல் கெடக்கு, 6 முடிஞ்சா மிச்சம் இருக்கறது 7, 8, 9 அந்த மூணு தான். அந்த புதன விட்டா புதுசா யாரையும் எடுக்க முடியாது. உங்க லீக்ல நம்பர் வேற மாதிரி இருக்கும், ஆனா இந்த மூணு விஷயமும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கும்: எத்தன பேர் வரைக்கும், எந்த தேதி வரைக்கும் மாத்தலாம், நாக்கவுட்டுக்கு எத்தன மேட்ச் ஆடிருக்கணும். சீசன் ஆரம்பத்துல குடுத்த ரூல் தாள் யாராவது ஒருத்தன் போன்ல பிடிஎஃப்பா இருக்கும், தேடுங்க. செக்ரட்டரிகிட்ட போன் போட்டு கேக்காண்டாம், கேட்ட ஒடனே அவருக்கு புரிஞ்சிரும், கேப்டனுக்கு முன்னாடி அவருக்கு தெரிஞ்ச மாதிரி ஆயிரும்.

இப்போ முடிவு எடுக்கறது ஈஸி. உங்க டீம்ல 18 எடமும் நெறையலன்னா, 15 பேர் தான் இருக்காங்கன்னா, ரிஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணவே வேண்டாம். கேப்டன்கிட்ட நான் இல்லன்னு சொன்னா போதும், செக்ரட்டரிக்கு லெட்டரும் தேவையில்ல, பேரு கெடந்தா கெடக்கட்டும், லீவுக்கு வந்தா ஒரு மேட்ச் ஆடலாம். ஆனா 18-ம் ஃபுல்லுன்னா உங்க பேரு ஒரு எடத்த அடச்சிட்டு நிக்கி. அப்போ நீங்க எழுதிக் குடுத்தா தான் அந்த எடம் காலியாவும். எங்க டீம் ஃபுல்லா இருந்துச்சு.

காலண்டர பாத்து பாதி சீசன்னு முடிவு பண்ணாதீங்க. நமக்கு மழை ரெண்டு தடவ வருது, தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, மேட் நனைஞ்சு மேட்ச் தள்ளிப் போறது சாதாரணம். ஃபிக்ஸர்ல 6-வதுன்னு போட்டது நீங்க ஆடுற 5-வது மேட்சா இருக்கலாம். எந்த மேட்ச் தள்ளி வச்சிருக்குன்னு பாத்துட்டு எண்ணுங்க. அதுலயும் டாஸ் போட்டு ஆரம்பிச்சு பாதியில மழையில நின்ன மேட்ச் ஒண்ணு இருந்து, அத இன்னொரு நாள் விட்ட எடத்துல இருந்து தொடர்ந்து ஆடுறதா உங்க லீக்ல வழக்கம் இருந்துச்சுன்னா கவனம். டாஸுக்கு முன்னாடி எழுதிக் குடுத்த 11 பேர்ல உங்க பேரு இருந்தா, எதிர் கேப்டன் ஒத்துக்காம அத மாத்த முடியாது, கிரிக்கெட் சட்டமே அப்படித் தான். சப்ஸ்டிட்யூட் விடலாம், ஆனா அவன் ஃபீல்டிங் பண்ணலாமே ஒழிய பௌலிங் போட முடியாது, பேட்டும் புடிக்க முடியாது. அப்படி ஒரு மேட்ச் தொங்கிட்டு கெடந்தா அத ஆடி முடிச்சிட்டு போங்க, முடியலன்னா கேப்டன்கிட்ட அத தனியா எடுத்து சொல்லுங்க, எதிர் டீம்கிட்ட முன்கூட்டியே பேசி வைக்க அவனுக்கு டைம் வேணும்.

கேப்டன்கிட்ட சொல்றது

எனக்கு செவ்வாக்கெழம ஆபீஸ்ல சொன்னாங்க, கோயம்புத்தூருக்கு மாத்திட்டோம், மூணு வாரத்துல சேரணும்னு. 5 மேட்ச் முடிஞ்சிருந்துச்சு, 6-வது அந்த ஞாயித்துக்கெழம. வீட்ல சொன்னேன், அப்புறம் வேற யாருகிட்டயும் சொல்லல. இத நான் அழுத்தி சொல்லுறேன், டீம்ல உங்க கூட்டாளிகிட்ட கூட சொல்லாதீங்க. நாகர்கோவில்ல கிரிக்கெட் ஆடுறவன் எல்லாம் ஒரே ஆளுவ தான், சாயங்காலம் அண்ணா ஸ்டேடியம் பக்கம் ஒருத்தங்கிட்ட சொன்னா ராத்திரிக்குள்ள நாலு டீமுக்கு தெரிஞ்சிரும், கேப்டன் அத எதிர் டீம்காரன் வாயில இருந்து கேட்டான்னா அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் அவனுக்கு எரிச்சல் தான் வரும்.

நாள் பாத்து சொல்லணும். மேட்ச் அன்னைக்கு வேண்டாம், அதுலயும் தோத்த மேட்ச் முடிஞ்ச ஒடனே வேண்டவே வேண்டாம், என்ன காரணம் சொன்னாலும் தோத்ததால போறான்னு தான் நெனப்பான். வெள்ளி, சனி அவன் டீம் போட்டுட்டு இருப்பான். செவ்வா, புதன் தான் நல்ல நாள். புதன்கெழம சாயங்காலம் தக்கலையில அவன் கடைக்கே போயிட்டேன், மொபைல் கடை, ஆள் கொறஞ்ச நேரம் பாத்து. நேர்ல முடியலன்னா போன். மெசேஜ் வேண்டாம், எழுதி அனுப்புனா அவன் அத தனியா உக்காந்து பத்து தடவ வாசிப்பான், ஒவ்வொரு தடவயும் வேற அர்த்தம் தெரியும்.

நான் சொன்னது கிட்டத்தட்ட இது தான்:

"மக்கா, ஒரு காரியம், ஒங்கிட்ட தான் மொதல்ல சொல்லுகேன். கம்பெனியில கோயம்புத்தூருக்கு மாத்திட்டான், மூணு வாரத்துல அங்க சேரணும். இந்த ஞாயிறு நான் உண்டு. அதோட இந்த சீசன் முடிஞ்சுது எனக்கு. நம்ம லிஸ்ட் ஃபுல்லா கெடக்கு, ஒனக்கு ஆள் வேணும்னா எம் பேர வெட்டிட்டு சேத்துக்கோ, லெட்டர் நான் எழுதித் தாறேன், அடுத்த புதன் தான் கடைசி."

காரணம் ஒரு வரி, எந்த மேட்ச் வரைக்கும் இருப்பேன்ங்கறது ஒரு வரி, எடத்த என்ன பண்ணலாம்ங்கறது ஒரு வரி. மன்னிப்பு நீளமா கேக்காதீங்க, அப்போ அவன் உங்கள சமாதானப்படுத்த வேண்டிய நெலமைக்கு போயிருவான், அவனுக்கு அந்த நேரம் அது சோலி இல்ல.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், பொறவு நான் பயந்த கேள்விய கேட்டான். "ராத்திரி வண்டி உண்டுல்லா மக்கா, சனிக்கெழம ஏறுனா காலையில வந்துரலாமே, ஞாயிறு ஞாயிறு வந்துட்டு போ." இங்க தான் நம்ம ஆளுவ எல்லாம் வழுக்குற எடம். முகத்துக்கு நேர முடியாதுன்னு சொல்ல மனசு வராம "பாக்கலாம் மக்கா"ன்னு சொல்லிருவோம். நமக்கு பாக்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம், கேப்டன் அத வருவான்னு எழுதி வச்சுக்குவான். வேற ஆள் தேட மாட்டான், புதனும் போயிரும், அப்புறம் நீங்க சனிக்கெழம ராத்திரி போன் போட்டு வண்டி கெடைக்கலன்னு சொல்லுவீங்க. நான் வாய் வரைக்கும் வந்தத முழுங்கிட்டு, "இல்ல மக்கா, புது எடம், முதல் மூணு மாசம் என்னால வர முடியாது, என்ன எண்ணிக்கையில வைக்காத"ன்னு சொன்னேன். மொகம் சுருங்கிச்சு. ஆனா அடுத்த நிமிஷமே, "செரி, அப்போ அந்த இரணியல் பயல கேப்போமா"ன்னு அவனே ஆரம்பிச்சான். அப்போ தான் நான் சொன்னது அவன் காதுல விழுந்துச்சுன்னு தெரிஞ்சுது.

இன்னொரு ஆசை வரும், கடைசியா ஒரே ஒரு மேட்ச் கூட ஆடிட்டு போறேன்னு. எனக்கு 7-வது மேட்ச் வரைக்கும் ஊர்ல இருக்க நாள் இருந்துச்சு, அதுவும் எனக்கு புடிச்ச எதிரி டீம். ஆனா அத ஆடுனா எம் பேரு லிஸ்ட்ல இருக்கணும், பேரு இருந்தா புதன் போயிரும், புதன் போனா மிச்சம் சீசன் முழுக்க டீமுக்கு ஒரு பௌலர் கொறவு. அத ஆடல. வெளிய நின்னு ஸ்கோர் எழுதுனேன், வயிறு எரிஞ்சது உண்மை.

நீங்க போறது கோவத்துலன்னா? அஞ்சு மேட்ச்ல ஆறு ஓவர் தான் குடுத்தான், ஒம்பதாவதா எறக்குறான், அதான் காரணம்னா அதயும் மறைக்க வேண்டாம், ஆனா ஒரே ஒரு கணக்கா சொல்லுங்க: "அஞ்சு மேட்ச்ல ஆறு ஓவர் போட்டேன், எனக்கு அது போதல, அதான் போறேன்." அவன் கேப்டன்சியப் பத்தியோ அவன் சொந்தக்காரப் பயல ஓப்பனிங் எறக்குறதப் பத்தியோ ஒரு வார்த்த வேண்டாம். வேலைன்னு பொய் சொல்லிட்டு போனா அடுத்த ஞாயிறு பக்கத்து கிரவுண்டுல டென்னிஸ் பால் ஆடுறப்போ எவனாவது போட்டோ எடுத்து போடுவான்.

செக்ரட்டரிக்கு லெட்டர்

கேப்டன்கிட்ட சொல்லி ஒரு ராத்திரியாவது போவட்டும். அவன் ஒரு ஆள புடிச்சு வச்சிட்டு உங்க லெட்டரயும் புது ஆள் ஃபார்மயும் ஒண்ணா குடுக்க ஆசப்படலாம், அது தான் செக்ரட்டரிக்கும் ஈஸி. ஆனா ரெண்டு நாளுக்கு மேல ஆறப் போடாதீங்க. கேப்டன் தலைய ஆட்டிட்டு லெட்டர குடுக்காம வச்சிருக்கறதும் நடக்கும், நீங்க மனசு மாறுவீங்கன்னு நம்பிக்கை அவனுக்கு. அதனால நேரடியா நீங்களே குடுங்க, கேப்டனுக்கு காப்பி.

நம்ம ஊர் லீக் செக்ரட்டரிமார் சம்பளத்துக்கு வேல பாக்கறவங்க இல்ல, எங்களுக்கு ஒரு ரிட்டயர்டு பிடி வாத்தியார். ஃபிக்ஸர், அம்பயர், கிரவுண்டு பர்மிஷன் எல்லாம் ஒத்த ஆளு. அவருக்கு உங்க கதை வேண்டாம், ரெக்கார்டுல என்ன எழுதணும்ங்கறது தான் வேணும். என் லெட்டர்:

"பெறுநர்: லீக் செயலாளர் அவர்கள்.

பொருள்: வீரர் பதிவை ரத்து செய்யக் கோருதல்.

ஐயா, நான் (பெயர், பதிவு எண்) இந்த சீசனில் (டீம் பெயர்) அணிக்காக ஆடி வருகிறேன். பணியிட மாற்றம் காரணமாக, வரும் ஞாயிறு நடக்கும் எங்கள் அணியின் 6-வது ஆட்டத்துடன் இந்த சீசனில் இருந்து விலகிக்கொள்கிறேன். அந்த ஆட்டம் முடிந்தபின் என் பதிவை ரத்து செய்து, அந்த இடத்தில் வேறு வீரரைப் பதிய எங்கள் அணிக்கு அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த சீசனில் வேறு எந்த அணிக்கும் நான் ஆடப்போவதில்லை. கேப்டனுக்கு இதைத் தெரிவித்துவிட்டேன்.

இப்படிக்கு, (கையெழுத்து, தேதி)"

இதுல ரெண்டு வரி முக்கியம். ஒண்ணு, எந்த மேட்ச் முடிஞ்சதோடன்னு சொல்றது. "உடனடியாக"ன்னு எழுதி, ஞாயிறு மேட்சுலயும் ஆடுனீங்கன்னா பதிவு இல்லாத ஆள எறக்குனதா எதிர் டீம் பாயிண்ட கேட்டு புகார் குடுக்கலாம், இந்த மாதிரி விஷயத்துல நம்ம ஆளுவ வக்கீல தோக்கடிப்பாங்க. ரெண்டாவது, வேற டீமுக்கு ஆடப்போவதில்லைங்கறது. சும்மா "சொந்தக் காரணங்களால்"னு மட்டும் எழுதுனா செக்ரட்டரி மனசுல மொதல்ல ஓடுறது எவனோ காசு குடுத்து இழுத்துட்டான்னு தான். நெசமாவே வேற டீமுக்குத் தான் போறீங்கன்னா அந்த வரிய எழுதாதீங்க, அதுக்கு பதிலா ரிலீஸ் லெட்டர் கேளுங்க, ரூல் ஒரே சீசன்ல ரெண்டு டீம ஒத்துக்குதான்னு பாருங்க, எங்க லீக்ல ஒத்துக்காது. பழைய டீம் விடுறதுக்கு முன்னாடி புது டீம் ஃபார்ம்ல கையெழுத்து போட்டுறாதீங்க, ரெண்டு லிஸ்ட்லயும் பேரு வந்தா மாட்டுறது நீங்க மட்டும் இல்ல, ரெண்டு டீமும் தான்.

கோவம், குறை எதுவும் லெட்டர்ல வேண்டாம். அந்த தாளு ஃபைல்ல கெடக்கும், அடுத்த சீசன் நீங்க திரும்பி வந்தா அவரே தான் அத எடுத்து பாப்பாரு.

வெள்ளிக்கெழம சாயங்காலம் வடசேரி பக்கம் அவர பாத்து கையில குடுத்தேன், அதே நேரம் போட்டோ எடுத்து வாட்ஸாப்லயும் அனுப்புனேன், தேதி தெரியணும்ல. "சார், கேப்டன்கிட்ட சொல்லியாச்சு, புது பயன் ஃபார்ம் திங்கக்கெழம அவன் கொண்டு வருவான்"னு சொன்னேன். அவரு கேட்டது ஒரே கேள்வி, "அடுத்த மாசம் ஒனக்கு ஸ்கோரர் டியூட்டி போட்டிருக்கேனே?" நான் அத மறந்தே போயிட்டேன். எங்க லீக்ல ஆட்டம் இல்லாத டீம் ஸ்கோரர் அனுப்பணும், எங்க டீம் சார்பா எம் பேரு தான் குடுத்திருந்துச்சு. அங்கேயே நின்னு இன்னொரு பயலுக்கு போன் போட்டு மாத்தி சொன்னேன். நீங்க போறதுக்கு முன்னாடியே அந்த லிஸ்ட்ட பாத்துட்டு போங்க.

அவரு ஒரு தம்ஸ் அப் மட்டும் போட்டாரு, அத நம்பி விட்டுறாதீங்க. அடுத்த வாரம் லீக்ல இருந்து வர்ற புது பிளேயர் லிஸ்ட்ல உங்க பேரு வெட்டுப்பட்டு, புது ஆள் பேரு இருக்கான்னு கேப்டன்கிட்ட போட்டோ வாங்கி பாருங்க. எங்களுக்கு செவ்வாக்கெழம வந்துச்சு, ஒரு நாள் மிச்சம். புது பய பேர்ல ஒரு எழுத்து தப்பு, புதன் மத்தியானம் திருத்துனாங்க. கடைசி நாள் குடுத்திருந்தா அதுக்கு நேரம் இருந்திருக்காது.

காசு, பை, குரூப்

சந்தா 2,000, ரெண்டு தவணை. மொதல் 1,000 கட்டிட்டேன், ரெண்டாவது 6-வது மேட்சுக்கு அப்புறம். அது புது பய கட்டுவான்னு கேப்டன் சொன்னான், நான் விட்டுட்டேன். ஆனா மேட்ச் அன்னைக்கு பிரிக்குற 150 ரூபா, பந்து, அம்பயர், மேட் வாடகைக்கு, அது ரெண்டு மேட்ச் பாக்கி இருந்துச்சு, 300. அத கேக்குறதுக்கு முன்னாடியே ஜீபே பண்ணிட்டேன். கட்டுன காச திருப்பிக் கேக்காதீங்க, அது பந்தா மாறி எப்பவோ கிழிஞ்சாச்சு.

6-வது மேட்ச் முடிஞ்சப்புறம் தான் டீமுக்கே சொன்னோம், அதுவும் கேப்டன் வாயால, நான் பக்கத்துல நின்னேன். ஜெயிச்சிருந்தோம், அது அதிர்ஷ்டம். குரூப்ல இருந்து ஒடனே வெளிய வராதீங்க, நான் அட்மின் வேற, வேற ரெண்டு பேர அட்மின் ஆக்கிட்டு மியூட் போட்டு சீசன் முடியற வரைக்கும் கெடந்தேன். ஸ்கோரிங் ஆப்லயும் டீம் அட்மின் நீங்கன்னா மாத்திக் குடுங்க, இல்லன்னா புது பயல சேக்க அவங்களால முடியாது.

அன்னைக்கே ஜெர்சிய துவச்சு குடுக்கணும்னு எடுத்துட்டு போனேன், டீம் பைய கேப்டன் ஸ்கூட்டர்ல ஏத்திட்டேன், ஷெட் சாவியயும் குடுத்தாச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு கோயம்புத்தூர் போயி பைய பிரிச்சா அடியில டீமோட தை பேட் ஒண்ணு. செமி ஃபைனலுக்கு நாலு நாள் இருந்துச்சு. பஸ் பார்சல்ல போட்டு விட்டேன், பார்சல் சார்ஜ் அந்த தை பேட் வெலைல பாதி வந்துச்சு, கேப்டன் வடசேரி பஸ் ஸ்டாண்டுல போயி எடுத்துட்டு "இன்னும் என்னெல்லாம்ல கொண்டு போன"ன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனான்.